சார்ஜும் இல்லை, டேட்டாவும் இல்லை: வெளிநாட்டுச் சிறு கடையில் பிளக் பாயிண்ட், வைஃபை, ரீசார்ஜ் கேட்டுப் பெறும் முறை

வெளிநாட்டில் இந்த மூன்று தேவைகளும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வந்து சேரும். டேட்டா பேக் முடிந்திருக்கும், வரைபடமும் கேமராவும் ஓடி ஓடி பேட்டரி 4 விழுக்காட்டில் நிற்கும், தங்குமிடத்தின் முகவரியோ பழைய மெயிலுக்குள் இருக்கும். எதிரே ஒரு சிறிய கடை. கடைக்காரருக்கு உங்கள் மொழி தெரியாது, உங்களுக்கு அவர் மொழி தெரியாது.

அந்த நிலையில் முதலில் பிளக் பாயிண்ட், பிறகு வைஃபை, கடைசியாக ரீசார்ஜ் என்ற வரிசையில் போங்கள். ரீசார்ஜ் ஏறியதா என்று சொல்லும் குறுஞ்செய்தி உங்கள் போனுக்குத்தான் வரும். போன் அணைந்து கிடந்தால் கடைக்காரரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று இருக்காது. எந்த பேக் வாங்குவது, அதன் விலை என்ன என்று பார்க்க இணையம் வேண்டும். அதற்குத்தான் வைஃபை இரண்டாவது. மூன்றிலும் போனால் திரும்பி வராத பணம் கைமாறுவது ரீசார்ஜில் மட்டும். ஆகவே அவசரம் கொஞ்சம் அடங்கிய பிறகு அதைச் செய்வதே நல்லது.

கடைக்குள் போகும் முன் ஒரு காகிதத்தில்

போன் அணைவதற்குள் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: உள்ளூர் சிம்மின் எண், அதன் நிறுவனத்தின் பெயர், சிம்மின் பின் எண்.

பின் எண்ணைப் பலர் மறந்துவிடுவார்கள். போன் முழுதாக அணைந்து மீண்டும் எழும்போது சில சிம்கள் நான்கு இலக்கப் பின் கேட்கும். சிம் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் அட்டையில் அது அச்சிட்டிருக்கும். அந்த அட்டை விடுதி அறையில் கிடக்கும். மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும், புதிது வாங்கவேண்டியதுதான். அந்த அட்டையை ஒரு படம் எடுத்துவைப்பது பயன்தான், ஆனால் படம் அணைந்த போனுக்குள்தானே இருக்கும். பர்ஸில் ஒரு துண்டுக் காகிதம் அதைவிட நம்பகமானது.

உங்கள் எண்ணை ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்தில் பார்க்கலாம். ஐபோனில் போன் செயலிக்கான அமைப்பில் இருக்கும். அங்கே காலியாக இருந்தால் பதறவேண்டாம். சில நிறுவனங்கள் எண்ணைச் சிம்முக்குள் எழுதுவதில்லை, சிம் ஒட்டியிருந்த அட்டையில்தான் அது இருக்கும்.

எண்ணை உள்ளூர் வடிவத்தில் எழுதுங்கள். போன் அதை நாட்டுக் குறியீட்டோடு காட்டும், கடையின் இயந்திரம் பெரும்பாலும் அந்தக் குறியீட்டை ஏற்காது. மலேசியாவில் +60 12 என்று தொடங்கும் எண்ணை 012 என்றும், பிரான்ஸில் +33 6 என்று தொடங்குவதை 06 என்றும் எழுதவேண்டும். ஸ்பெயினில் +34-ஐ எடுத்தால் போதும், முன்னால் பூஜ்யம் கிடையாது. ஐயமாக இருந்தால் இரண்டு வடிவத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள், அவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார்.

எப்படிக் கேட்பது

முதலில் ஏதாவது சிறிதாக வாங்கிக் காசு கொடுத்துவிடுங்கள். வரிசையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் கடைக்காரருக்கு எதுவும் புரியாது, அல்லது பெரிய தொல்லை வந்திருக்கிறது என்று தோன்றும். ஒன்றைக் கேட்டு, அது முடிந்ததும் அடுத்தது.

வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுவது வேகமானது. சார்ஜர் கேபிளைத் தூக்கிக் காட்டி, பேட்டரி அளவைக் காட்டினால் எந்த மொழியும் வேண்டாம். எவ்வளவு நேரம் என்பதை எண்ணாக எழுதிக் காட்டுங்கள்: 20, பக்கத்தில் ஒரு கடிகாரம். முடியும் நேரம் தெரிந்தால் சம்மதம் எளிதாகக் கிடைக்கும். நாள் முழுக்க இங்கேயே உட்கார்ந்துவிடுவாரோ என்பதுதான் கடைக்காரரின் முதல் கவலை.

ஆனாலும் அந்தந்த இடத்துச் சொல் ஒன்றிரண்டு தெரிந்திருப்பது பெரிய உதவி. 'வைஃபை' என்று நாம் சொல்வது எல்லா இடத்திலும் புரியாது. பிரெஞ்சில் அதை 'வீஃபீ' என்பார்கள், ஸ்பானியத்திலும் 'வீஃபி'தான். ஜெர்மனியில் 'வேலான்' என்று கேட்டால் உடனே புரியும். ரீசார்ஜுக்கு ஸ்பானியத்தில் 'ரெகார்கா', இத்தாலியத்தில் 'ரிகாரிகா', இந்தோனேசியாவில் 'இசி புல்சா', பிலிப்பைன்ஸில் 'லோட்'. பிளக் பாயிண்டுக்கு ஜெர்மனில் 'ஷ்டெக்டோஸ', பிரெஞ்சில் 'ப்ரீஸ்', ஸ்பானியத்தில் 'என்ச்சூஃபே', ஜப்பானில் 'கொன்சென்டோ'. மொழிபெயர்ப்புச் செயலியை நம்பியிருந்தால் அந்த மொழியை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்திருக்கவேண்டும். டேட்டா இல்லாத நேரத்தில்தானே அது தேவைப்படப்போகிறது.

பிளக் பாயிண்ட்

சுவரில் இருக்கும் துளையின் வடிவத்தை முதலில் பாருங்கள். பிரிட்டன், மலேசியா, சிங்கப்பூர், அமீரகம் ஆகிய இடங்களில் மூன்று தட்டையான செவ்வகத் துளைகள். ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இந்தோனேசியாவிலும் இரண்டு உருண்டைத் துளைகள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இரண்டு தட்டைத் துளைகள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சாய்ந்த துளைகள். மின்னழுத்தம் பற்றிய கவலை போன் சார்ஜருக்குப் பெரும்பாலும் வேண்டாம்: அதன் மேல் 100–240V என்று அச்சிட்டிருந்தால் ஜப்பானின் 100 வோல்ட்டிலும் ஐரோப்பாவின் 230 வோல்ட்டிலும் அது ஓடும். வடிவம் மட்டுமே சிக்கல்.

பிரிட்டிஷ் வகைத் துளைகளுக்குள் ஒரு மூடி உண்டு. மேலே உள்ள நீளமான முள் நுழைந்தால்தான் கீழ்த்துளைகள் திறக்கும். அதனால் இரண்டு முள் சார்ஜர் உள்ளே போகாது. பேனா முனையால் மேல்துளையைக் குத்தித் திறந்து செருகுவதைச் சிலர் செய்து காட்டுவார்கள். செய்யாதீர்கள், பிடிப்பு தளர்வாக இருந்து பொறி கிளம்பும், கடையின் பொருளும் கெடும்.

அடாப்டர் இல்லையென்றால் பிளக் பாயிண்டையே கேட்காமல் சார்ஜரைக் கேளுங்கள். கடைக்காரரின் போனும் எங்கோ சார்ஜில் இருக்கும். அவருடைய சார்ஜரில் உங்கள் கேபிளைச் செருகினால் வடிவப் பிரச்சினையே இல்லை. இதற்காகவே ஒரு முனை பழைய அகலமான யுஎஸ்பி, மறுமுனை உங்கள் போனுக்கானது என்ற கேபிள் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். சிறு கடைகளில் இருப்பவை பெரும்பாலும் அந்தப் பழைய வகைச் சார்ஜர்கள்தான்.

கடையின் கணினியில் செருகச் சொன்னால் அதனால் எவ்வளவு ஏறும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய யுஎஸ்பி துளை 500 மில்லிஆம்பியர் மட்டும் தரும், அதாவது 2.5 வாட். 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரிக்கு 20 நிமிடத்தில் 3 அல்லது 4 விழுக்காடுதான் ஏறும். அதே 20 நிமிடத்தில் 10 வாட் சார்ஜர் ஏறக்குறைய 15 விழுக்காடு ஏற்றிவிடும். கணினியில் செருகும்போது இந்தக் கணினியை நம்பலாமா, கோப்புகளைப் பகிரலாமா என்று போன் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சார்ஜ் அதற்காக நிற்காது.

செருகியதும் போனை விமானப் பயன்முறையில் போட்டுத் திரையை அணைத்துவையுங்கள். சார்ஜ் ஏறும் குறி வரவில்லை என்றால் முதலில் சுவரில் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சில நாடுகளில் துளைக்குத் துளை ஸ்விட்ச் உண்டு, பல நாடுகளில் கிடையாது. முழுதாக அணைந்த போன் செருகிச் சில நிமிடம் கழித்துத்தான் விழிக்கும், உடனே கெட்டுப்போனது என்று முடிவு கட்டவேண்டாம். எல்லாத் துளைகளும் நிரம்பியிருந்தால் எதையும் நீங்களாகப் பிடுங்காதீர்கள். குளிர்பெட்டியும் அட்டை தேய்க்கும் இயந்திரமும் அதில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

போனை மேசைக்குப் பின்னால் கொடுத்துவிட்டு வெளியே போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பவர் பேங்க் இருந்தால் அதைக் கொடுத்துச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். தொலைந்தாலும் போவது பவர் பேங்க் மட்டும்.

வைஃபை கடவுச்சொல்

கடைக்காரர் கடவுச்சொல்லை வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, அவர் போனிலிருந்து கியூஆர் காட்டச் சொல்வது. ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த போன்களில் இணைந்திருக்கும் வைஃபை பெயரைத் தொட்டால் பகிர்வதற்கான பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் கியூஆர் வரும். உங்கள் கேமராவைக் காட்டினால் இணைப்பு வந்துவிடும், தட்டச்சே வேண்டாம். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது இந்த ஒரு வரிதான்:

```
WIFI:T:WPA;S:பெயர்;P:கடவுச்சொல்;;
```

சில கடைக்காரர்கள் கடவுச்சொல்லைச் சொல்ல விரும்பாமல் தாமே அடித்துத் தருகிறேன் என்பார்கள். அது அவர்கள் உரிமை. கடவுச்சொல் அடிக்கும் பெட்டியைத் திறந்து, போனை உங்கள் கையிலேயே பிடித்துக்கொண்டு நீட்டுங்கள். இணைந்த பிறகு உங்கள் போன் அந்தக் கடவுச்சொல்லைக் காட்டவும் கியூஆராகப் பகிரவும் செய்யும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களோடு வந்த பத்துப் பேருக்கும் அதைப் பரப்பாதீர்கள். கடையின் பணப்பரிவர்த்தனை இயந்திரம் அதே இணைப்பில் ஓடலாம். அது திணறினால் அடுத்து வரும் பயணிக்கு 'இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும்.

ரௌட்டரின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரைக் காட்டினால் அதில் இரண்டு மூன்று எண்கள் இருக்கும். WPA KEY, KEY, PASSWORD என்று எழுதியதற்கு எதிரே உள்ளதுதான் கடவுச்சொல். WPS PIN என்று எட்டு இலக்கத்தில் ஒன்று இருக்கும். அது வேறு வேலைக்கானது, அதை அடித்து அடித்துக் களைத்தவர்கள் பலர்.

அடித்த சொல்லில் எங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. இணை என்ற பொத்தான் மங்கலாகவே இருந்தால் எழுத்துகள் எட்டுக்குக் குறைவு என்று பொருள். இன்றைய வழக்கமான வைஃபை கடவுச்சொல் எட்டு எழுத்துக்குக் குறையாது, 63-க்கு மேல் போகாது. பொத்தான் தெளிவாக இருந்தும் தவறு என்று வந்தால் கண் வடிவத்தைத் தொட்டு அடித்ததைப் பாருங்கள். முதல் எழுத்தைப் போன் தானாகப் பெரிய எழுத்தாக மாற்றியிருக்கும், அல்லது பரிந்துரைச் சொல்லைத் தேர்ந்ததால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். பூஜ்யமா, O எழுத்தா என்ற குழப்பத்துக்கு ஒரு வழி: ஸ்டிக்கரில் உள்ள மற்ற எழுத்துகள் எல்லாம் A முதல் F வரைக்குள் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் மட்டும் கொண்ட பதினாறடிமான எண். அதில் O என்ற எழுத்துக்கு இடமே இல்லை, ஆகவே அது பூஜ்யம்.

ஒரே பெயரில் இரண்டு இணைப்பு தெரிந்து, ஒன்றின் கடைசியில் 5G என்று இருந்தால் ரௌட்டருக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதைத் தேர்ந்தெடுங்கள். சுவருக்கு அப்பால், வாசலில் நிற்கிறீர்கள் என்றால் மற்றது. ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டித் தள்ளி வராது.

இணைந்தும் இணையம் வரவில்லை என்றால் பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கம் ஒன்று திறக்கக் காத்திருக்கிறது. உலாவியில் இந்த முகவரியை அப்படியே அடித்தால் அது தோன்றும்:

```
http://neverssl.com
```

அப்போதும் வரவில்லை என்றால் விபிஎன்னை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பில் ஏதாவது பெயர் கொடுத்து வைத்திருந்தால் அதையும் தற்காலிகமாக நீக்குங்கள். அந்தப் பக்கம் குறுஞ்செய்தியில் குறியீடு அனுப்புகிறேன் என்று கேட்டால் எந்தச் சிம் உயிரோடு இருக்கிறதோ அந்த எண்ணைக் கொடுங்கள். உள்ளூர் எண்ணை மட்டும் ஏற்கும் பக்கங்களும் உண்டு. கடைக்காரரின் போனிலும் இணையம் வரவில்லை என்றால் பிழை உங்களிடம் இல்லை, விட்டுவிடுங்கள்.

ரீசார்ஜ்

முதலில் ஓர் எல்லை. அந்தக் கடை ஏற்றித் தருவது பெரும்பாலும் அந்த நாட்டுச் சிம்மை மட்டும்தான். சொந்த நாட்டுச் சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் அதற்கு உங்கள் நிறுவனத்தின் செயலிதான் வழி. பயணத்துக்காக இணையத்தில் வாங்கிய இ-சிம் பலவும் டேட்டா மட்டும் தருபவை, அவற்றுக்குத் தொலைபேசி எண் கிடையாது. எண் இல்லாததைக் கடையில் ஏற்ற முடியாது. அந்த வகையினர் கடையின் வைஃபையில் இணைந்து, விற்ற செயலியிலேயே நீட்டித்துக்கொள்ளவேண்டும்.

உள்ளூர் சிம் என்றால் கடைக்காரர் இரண்டில் ஒரு வழியில் ஏற்றுவார். ஒன்று, தம்முடைய போனிலோ இயந்திரத்திலோ உங்கள் எண்ணை அடித்து நேரடியாக அனுப்புவது. மற்றது, ஒரு சீட்டோ சுரண்டும் அட்டையோ தருவது. அதில் உள்ள நீண்ட எண்ணை நீங்கள் ஏற்றவேண்டும். சீட்டில்தான் தவறு குறைவு, எண் யாருடையதாக இருந்தாலும் நீங்கள் அடிக்கும் போனில்தான் ஏறும். ஆனால் சீட்டின் வெப்பத்தாள் எழுத்து சீக்கிரம் மங்கும், உடனே படம் எடுத்துவிடுங்கள். சுரண்டும் அட்டையானால் பூச்சு முன்பே சுரண்டப்பட்டிருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று பார்த்து வாங்குங்கள். நகத்தால் அழுத்திச் சுரண்டினால் இலக்கமும் சேர்ந்து போய்விடும்.

இனி மிக முக்கியமான வேறுபாடு. கணக்கில் பணம் ஏறுவது ஒன்று, டேட்டா பேக் ஏறுவது இன்னொன்று. 'ரீசார்ஜ்' என்று மட்டும் கேட்டால் பல இடங்களில் வெறும் பணம்தான் ஏறும். அந்தப் பணத்தில் பேக்கை நீங்கள் தனியாக வாங்கவேண்டும். அதற்கு முன்பே போன் இணையத்தைத் தொட்டால், பேக் இல்லாத விலையில், மெகாபைட்டுக்கு இவ்வளவு என்று பணம் கரையும்.

எண்ணை வைத்துப் பார்ப்போம். ஏழு நாள் பேக்கின் விலை 45. கடையில் ஏற்றக் கிடைக்கும் தொகைகள் 10, 20, 50. ஒருவர் 50 ஏற்றுகிறார், போனில் மொபைல் டேட்டா திறந்தே இருக்கிறது. குறுஞ்செய்தி வந்த நொடியில் அஞ்சலும் படக் காப்பும் செயலி மேம்படுத்தலும் பின்னணியில் பாய்ந்து 12 தீர்ந்துவிடுகிறது. மீதி 38. பேக் வாங்கப் போனால் இருப்பு போதவில்லை என்று பதில். அவருக்குக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும். கடைக்காரரோ 50 அனுப்பிய பதிவைக் காட்டுவார். இருவரும் சொல்வது உண்மைதான். பணம் நடுவில் கரைந்திருக்கிறது. இதைத் தடுக்கச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: பணம் ஏறுவதற்கு முன்பே மொபைல் டேட்டாவை அணைத்துவிடுவது.

அப்படியானால் வரிசை இது:

1. விமானப் பயன்முறையை நீக்குங்கள், மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபை இருக்கலாம்.
2. நிறுவனத்தின் பெயர், எண், தொகை மூன்றையும் எழுதிக் காட்டுங்கள். பேக் வேண்டுமானால் அதன் பெயரைச் செயலியிலிருந்து திரையில் காட்டுங்கள். சில கடைகளில் பணத்தை ஏற்றாமல் பேக்கையே நேரடியாக அனுப்ப முடியும், இருந்தால் அதுவே சிறந்தது.
3. மொத்தம் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கால்குலேட்டரில் அடிக்கச் சொல்லுங்கள். சில நாடுகளில் முகமதிப்புக்கு மேல் சிறு கட்டணம் சேர்ப்பது வழக்கம். சில இடங்களில் வரி கழிந்து குறைவாக ஏறும். முன்பே தெரிந்தால் மனக்கசப்பில்லை.
4. அவர் எண்ணை அடித்ததும், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன், அவர் திரையை உங்கள் காகிதத்தோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள்.
5. குறுஞ்செய்தி வரும்வரை கடையிலேயே நில்லுங்கள். பரிவர்த்தனை எண் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.
6. பேக்கை வாங்கி, அது ஏறிய செய்தியும் வந்த பிறகு டேட்டாவைத் திறங்கள்.

நான்காவது படியில் அவசரப்படாதீர்கள். கைப்பட எழுதிய எண்ணில் குழப்பம் எளிதில் வரும். ஐரோப்பாவில் 1-ஐ மேல்நோக்கிய நீண்ட கோட்டோடு எழுதுவார்கள், நம் கண்ணுக்கு அது 7 போலத் தெரியும். அதனால்தான் அவர்கள் 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுகிறார்கள். நீங்களும் அந்தக் கோட்டைப் போட்டு எழுதுங்கள். எகிப்து போன்ற அரபு நாடுகளின் எழுத்து இலக்கங்களில் ஐந்து வட்டமாக இருக்கும், பூஜ்யம் ஒரு புள்ளி, ஆறு நம் 7 போல. அங்கே கடைக்காரர் எழுதித் தருவதைப் படிக்காமல் அவர் திரையைப் பாருங்கள்.

பேக் வாங்க நிறுவனத்தின் செயலியைவிட நட்சத்திரக் குறியில் தொடங்கி # குறியில் முடியும் குறியீடு பல நேரம் எளிது. அதற்கு இணையம் வேண்டாம், சிக்னல் இருந்தால் போதும். இரண்டு சிம் போட்டிருந்தால் உள்ளூர் சிம்மிலிருந்து அழைக்கிறீர்களா என்று பாருங்கள். ரோமிங்கில் உள்ள சிம்மிலிருந்து அடித்தால் அது உங்கள் சொந்த நாட்டு நிறுவனத்துக்குப் போய் பிழைச் செய்தி தரும். பட்டியல் புரியாத மொழியில் வந்தால் கடைக்காரரிடமே காட்டி எந்த எண் என்று கேளுங்கள். பதில் அனுப்பத் தாமதித்தால் பட்டியல் தானாக மூடிக்கொள்ளும், மீண்டும் முதலிலிருந்து தொடங்கினால் சரி. தானாகப் புதுப்பிக்கவா என்று கேட்டால், ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிட்டதென்றால் வேண்டாம் என்று தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடையின் வைஃபையில் இருந்தபடியே சோதித்துவிட்டு, டேட்டா வேலை செய்கிறது என்று நம்பித் தெருவுக்குப் போய்த் திகைப்பவர்கள் அதிகம். வரவில்லை என்றால் விமானப் பயன்முறையைப் போட்டு அரை நிமிடம் கழித்து நீக்குங்கள். அப்போதும் வராமல், அந்தச் சிம்மை வேறு போனிலிருந்து மாற்றியிருந்தால் சிம்மை இணையத்தோடு சேர்க்கும் ஏபிஎன் அமைப்பு விடுபட்டிருக்கும். நிறுவனத்தின் தளத்தில் அது இருக்கும். வைஃபை இன்னும் கையில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் தவறிப்போனால்

செய்தி ஐந்து நிமிடமாக வரவில்லை என்றால் முதலில் இருப்பைக் குறியீட்டில் சரிபாருங்கள். பணம் ஏறியிருந்து செய்தி மட்டும் தாமதிப்பதுண்டு. ஏறவில்லை என்றால் அவர் அனுப்பிய பதிவைத் திறக்கச் சொல்லி, அதில் உள்ள எண்ணை மீண்டும் ஒப்பிடுங்கள்.

எண் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் நிறுவனம் தவறியிருக்கலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள நாடுகளில் முதல் இலக்கங்களைப் பார்த்து நிறுவனத்தைச் சொல்ல முடியாது. கடைக்காரர் பழக்கத்தில் ஒன்றைத் தேர்ந்திருப்பார். சிக்னல் கோட்டுக்குப் பக்கத்தில் வரும் பெயரை அவருக்குக் காட்டுங்கள்.

ஓர் இலக்கம் தவறி வேறு யாருக்கோ போயிருந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். அந்த ஆள் செலவழிப்பதற்கு முன் என்றால் விற்பனையாளர் வழியாகத் திரும்பப் பெறச் சில நிறுவனங்கள் விடும். அதற்குக் கேட்பது பரிவர்த்தனை எண்ணும் நேரமும்தான், ரசீதை வாங்கி வைத்தது இப்போது பயன்படும். அவர் அடித்ததில் தவறா, நீங்கள் எழுதிக் கொடுத்ததில் தவறா என்று உங்கள் காகிதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். தவறு காகிதத்தில் இருந்தால் அந்தத் தொகையை அவரிடம் கேட்காதீர்கள். எண்ணைத் திருத்தி எழுதி, புதிதாகக் காசு கொடுத்து, மிகச் சிறிய தொகையாக ஒரு முறை ஏற்றச் சொல்லுங்கள். அது உங்கள் போனில் வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றலாம்.